பேட் புதுசு, விளக்கு மட்டும் பழசு

"கொஞ்சம் ஓட்டுங்க சார், தானா அணைஞ்சிரும்."

முன்சக்கர பிரேக் பேட் மாற்றிய கையோடு மெக்கானிக் சொன்னது இது. ஓட்டினேன். ஐந்து நாள் ஓட்டினேன். நடுவில் ஒரு வட்டம், இரு பக்கமும் விட்டுவிட்டுப் போட்ட வளைகோடுகள் என்று டேஷ்போர்டில் பேட் தேய்ந்ததைச் சொல்லும் ஒரு மஞ்சள் விளக்கு உண்டே, அது ஒவ்வொரு முறை சாவி போடும்போதும் வந்து உட்கார்ந்துகொண்டது. பிரேக் என்னவோ அருமையாகப் பிடித்தது. (சிவப்பில் எரிந்திருந்தால் ஐந்து நிமிடம்கூட ஓட்டியிருக்க மாட்டேன். சிவப்பு என்றால் ஹேண்ட் பிரேக் இறங்காமல் இருக்கலாம், பிரேக் ஆயில் குறைந்திருக்கலாம். அது வேறு கதை.)

திரும்பப் போய்க் கேட்டேன். "ஸ்கேனர் போட்டு ரீசெட் பண்ணணும் சார்" என்றார். போட்டார். ரீசெட் ஏறவில்லை. "கம்ப்யூட்டர்ல ஏதோ பிரச்சினை" என்று முடித்துவிட்டார். உண்மையில் கம்ப்யூட்டர் ஒன்றுதான் அங்கே சரியாக வேலை பார்த்துக்கொண்டிருந்தது.

அந்த விளக்குக்குப் பின்னால் இருப்பது பெரிய சூட்சுமம் எதுவும் இல்லை. பேடில் ஒரு குழி வெட்டி, அதில் சின்ன பிளாஸ்டிக் முனை ஒன்றைச் செருகியிருப்பார்கள். அதுதான் சென்சார். முனைக்குள் ஒரு மெல்லிய கம்பி போய் வளைந்து திரும்பி வரும். புதுப் பேடில் உராயும் பகுதி சுமார் 10, 12 மில்லிமீட்டர் தடிமன் இருக்கும். அது தேய்ந்து ஏறக்குறைய 3 மில்லிமீட்டருக்கு வரும்போது டிஸ்க் அந்த முனையையும் சேர்த்துத் தேய்க்க ஆரம்பித்து, கடைசியில் கம்பியை அறுத்துவிடும். சுற்று அறுந்தது, விளக்கு எரிந்தது. அவ்வளவுதான். சில கார்களில் இரண்டு கட்டமாக அறுபடும்படி வைத்திருப்பார்கள். முதல் அறுப்பில் முன்னறிவிப்பு, இரண்டாவதில் கடைசி எச்சரிக்கை. வேலை என்னவோ ஒன்றுதான்: தன்னைத் தேயக் கொடுத்துச் செய்தி சொல்வது.

அப்படியானால், விளக்கு எரிந்த பிறகு பேட் மாற்றப் போகிறோம் என்றால் கம்பி ஏற்கெனவே அறுந்துவிட்டது என்றே அர்த்தம். அறுந்த கம்பியைப் புதுப் பேடில் செருகினாலும் அது அறுந்த கம்பிதான். எத்தனை கிலோமீட்டர் ஓட்டினாலும் ஒட்டிக்கொள்ளாது. ஸ்கேனரும் "சுற்று திறந்திருக்கிறது" என்று பார்த்துவிட்டு ரீசெட்டை மறுக்கும்.

பிறகு ஏன் அவர் அவ்வளவு நம்பிக்கையாகத் தானாக அணையும் என்றார்? ஏமாற்றினார் என்று நான் நினைக்கவில்லை. யோசித்துப் பார்த்ததில், அவர் கை பழகியது இன்னொரு வகையில் என்று தோன்றுகிறது. அந்த வகையில் வளையம் கிடையாது. பேடுக்குள் ஒற்றைக் கம்பி சும்மா நிற்கும். பேட் தேய்ந்ததும் கம்பியின் முனை டிஸ்க்கைத் தொடும், எர்த் ஆகும், விளக்கு எரியும். ஆரம்பத்தில் பிரேக் மிதிக்கும்போது மட்டும் மினுக்கும். அங்கே புதுப் பேட் போட்டவுடன் முனை டிஸ்க்கை விட்டு விலகிவிடுவதால் பழைய கம்பியோடேயே விளக்கு அணைந்துவிடும். அந்த அனுபவத்தை வளைய வகைக்கும் பொருத்திப் பார்த்தால் தப்பாகத்தான் போகும். இரண்டும் நேர் எதிர். கனெக்டரைக் கழற்றிவிட்டால் ஒற்றைக் கம்பி வகையில் விளக்கு அணையும். வளைய வகையில் எரியும்.

ஞாயிற்றுக்கிழமை நானே சக்கரத்தைக் கழற்றினேன். என் காரில் நான்கு சக்கரத்துக்கும் சென்சார் இல்லை. முன்னால் இடது பக்கம் ஒன்று, பின்னால் வலது பக்கம் ஒன்று. இடது முன் சக்கரத்தில் உட்பக்கப் பேடின் குழி காலியாக இருந்தது. பழைய சென்சார் சஸ்பென்ஷன் கம்பத்தோடு ஒரு கேபிள் டையால் அழகாகக் கட்டப்பட்டுத் தொங்கியது. முனை பாதி தேய்ந்து, உள்ளே செம்பு இரண்டு புள்ளியாகப் பளபளத்தது. பார்த்தவுடனேயே விஷயம் புரிந்துவிட்டது. இருந்தாலும் மல்டிமீட்டரை எடுத்து சென்சார் பக்கக் கனெக்டரின் இரண்டு பின்னிலும் வைத்தேன். திரையில் OL, அதாவது சுற்று திறந்திருக்கிறது. நல்ல சென்சாராக இருந்திருந்தால் ஒரு ஓமுக்கும் கீழே காட்டியிருக்கும். வண்டிப் பக்கத்து ஒயரும் சரிதானா என்று பார்க்க, அந்தக் கனெக்டரின் இரண்டு பின்னையும் சின்ன ஒயர் துண்டால் இணைத்துவிட்டு சாவி போட்டு ரீசெட் கொடுத்தேன். ஏற்றுக்கொண்டது. ஆக, கோளாறு அந்த ஒரு முழம் ஒயரில் மட்டும்தான். இணைப்புத் துண்டை உடனே எடுத்துவிட்டேன், விளக்கும் உடனே திரும்பி வந்தது.

"எடுக்காம அப்படியே விட்டிருக்கலாமே, விளக்கு அணைஞ்சிடுச்சுல்ல?" என்று நண்பர் ஒருவர் கேட்டார். இதில்தான் எனக்குக் கோபம் வருகிறது. இரண்டு ஒயரையும் முறுக்கி டேப் சுற்றிவிடும் வேலை பரவலாக நடக்கிறது. விளக்கு அணையும், வாடிக்கையாளர் கிளம்பிவிடுவார். அந்தச் சென்சார் பார்க்க வேண்டிய பேட் இனி தேய்ந்தாலும் வண்டி வாயைத் திறக்காது. அடுத்த முறை செய்தி சொல்வது விளக்கு அல்ல, இரும்பு டிஸ்க்கில் இரும்பு உரசும் சத்தம். அதற்குள் டிஸ்க்கில் பள்ளம் விழுந்திருக்கும். எரியும் விளக்கோடு ஓட்டுபவராவது சந்தேகத்தோடு ஓட்டுவார். முறுக்கிய ஒயரோடு ஓட்டுபவர் நிம்மதியாக ஓட்டுவார். பழைய கார் வாங்குகிறவர்கள் சக்கரத்துக்குப் பின்னால் டார்ச் அடித்து அந்தக் கனெக்டர் இருக்கிறதா, டேப் உருண்டை இருக்கிறதா என்று பாருங்கள்.

விளக்கு எரிவதற்கு முன்பே பேட் மாற்றினால் பழைய சென்சாரையே போடலாமா? மீட்டரில் சுற்று முழுமையாக இருந்தால் போடலாம், வேலை செய்யும். ஆனால் அவ்வளவு நாள் பிரேக் சூட்டில் வெந்த பிளாஸ்டிக் அது. பேடிலிருந்து இழுக்கும்போதே பல நேரம் உடைந்து கையோடு வரும். எனவே எப்படியும் புதிது ஒன்றைக் கையில் வைத்துக்கொண்டு ஆரம்பிப்பதே என் கட்சி. பேட் பெட்டியிலேயே சென்சார் வரும் கார்களும் உண்டு, தனியாக வாங்க வேண்டியவையும் உண்டு. என் காருக்குத் தனியாக. பில்லில் அந்த வரி இல்லை என்பதை அன்றே கவனித்திருக்க வேண்டியது என் தப்பு.

புதுசு வந்ததும் மாட்டினேன். முனையைக் குழியில் அழுத்தி 'டிக்' என்று உட்கார வைத்து, பிரேக் ஹோஸ் போகும் வழியிலேயே ஒவ்வொரு கிளிப்பிலும் ஒயரைச் சொருகினேன். ஒரு கிளிப்பை விட்டாலும் ஒயர் தொய்ந்து டயரிலோ டிஸ்க்கிலோ உரசி, பேட் புதிதாக இருக்கும்போதே அறுந்துவிடும். அதனால் ஸ்டீயரிங்கை இடதுகோடி வலதுகோடி வரை திருப்பி, எங்கும் இழுபடவில்லை என்று பார்த்துக்கொண்டேன். சக்கரம் மாட்டி, பெடலை நாலைந்து முறை மிதித்து இறுக்கம் பார்த்து, இன்ஜின் கிளப்பாமல் சாவி மட்டும் போட்டு மெனுவில் ரீசெட். முதல் முயற்சியிலேயே ஏறியது.

பழைய சென்சாரை அந்த மெக்கானிக்கிடம் கொண்டுபோய்க் காட்டினேன். முனையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தவர், "இதுல ரெண்டு கம்பி இருக்கா!" என்றார். அதைத் தன் டூல் பெட்டியிலேயே போட்டு வைத்துக்கொண்டார்.