ஆயாவின் பிரியாவிடையும் ஏழு நாளில் மறையும் செய்தியும்

சென்ற ஞாயிற்றுக்கிழமை நம் தோட்டத்து வாட்ஸ்அப் புலனக் குழுவில் நடந்ததை எல்லோரும் பார்த்தீர்கள் என்பதால் சுருக்கமாகவே சொல்கிறேன். நாம் வேலைக்குப் போகும்போது பிள்ளைகளை விட்டுச் சென்ற ஆயாக்கொட்டகையை மூடிய பிறகும் லயத்து வீட்டில் நம்மோடு இருந்த ஆயா, இந்த மாத இறுதியில் மகள் வீட்டோடு ஜோகூருக்குப் போகிறார். அவருக்கு நாம் கொடுத்த பிரியாவிடை, யாரோ எவருக்கோ தயாரித்த ஒரு வாழ்த்துச் செய்தி. பெயரை மட்டும் மாற்றி, கீழே கைகூப்பும் படங்களை வரிசையாக வைத்து அனுப்பினோம். ஆயா அந்தக் குழுவிலேயே இல்லை. அவரிடம் இருப்பது பொத்தான் வைத்த பழைய கைப்பேசி. பேத்தி தன் திறன்பேசியில் காட்டியபோதுதான் அவர் அதைப் பார்த்திருக்கிறார்.

என்னை மிகவும் வருத்தியது இதற்கு அடுத்த விவரம். இடம் அடைத்துக்கொள்கிறது என்று நம் குழுவில் மறையும் செய்தி வசதியை ஏழு நாளுக்கு வைத்திருக்கிறோம். புலனத்தில் அதை 24 மணி நேரம், 7 நாள், 90 நாள் என்று அமைக்கலாம். தண்ணீர் வெட்டு அறிவிப்புக்கும் கூட்டு வேலை அழைப்புக்கும் அது சரியான ஏற்பாடு. ஆனால் நம் பிள்ளைகளைத் தூளியில் ஆட்டி வளர்த்தவருக்கு நாம் சொன்ன விடையும் அதே ஏழாம் நாளில் தானாக அழிந்துபோகும். யாரும் வேண்டுமென்று செய்யவில்லை என்பதை நான் அறிவேன். வேண்டுமென்று எதையும் செய்யவில்லை என்பதுதான் என் மனத்தாங்கல்.

நான் சொல்ல வருவது ஒன்றே ஒன்றுதான். ஒருவர் நம்மை விட்டுப் போகிறார், அவர் நமக்குத் தனித்தனியாகச் செய்தவர், அவரிடமிருந்து பதில் எதுவும் நமக்குத் தேவையில்லை, அவர் அதை மறுபடியும் எடுத்துப் பார்ப்பார் என்றால், அங்கே கையால் எழுதிய கடிதம்தான் பொருந்தும். தட்டச்சுச் செய்தி குறை என்று நான் சொல்லவில்லை. பேருந்து எத்தனை மணிக்கு, விருந்துக்கு யார் எவ்வளவு வெள்ளி தருகிறார் என்பதற்கு அதுவே சிறந்தது. வேலையை விட்டு விலகுபவர் அலுவலகத்துக்குக் கொடுக்கும் கடிதமும் தட்டச்சில் இருப்பதே முறை, ஏனென்றால் அது கோப்பில் ஏறும் பதிவு. ஆயா கோப்பு வைத்துக்கொள்ளப் போவதில்லை.

“ஆயாவுக்கு வாசிக்கத் தெரியாதே, கடிதம் எதற்கு?” என்று ஒருவர் கேட்டார். கேட்ட தம்பி என் மீது கோபித்துக்கொள்ள வேண்டாம், என் பாட்டி வைத்திருந்த கடிதத்தைப் பற்றிச் சொல்கிறேன். 1969-இல் குடியுரிமை இல்லாதவர்களுக்கு வேலை அனுமதிச் சீட்டு கட்டாயமான பிறகு, தோட்டங்களிலிருந்து ஆயிரக்கணக்கானோர் தமிழ்நாட்டுக்குத் திரும்பினார்கள். பாட்டியோடு ஒரே நிரையில் பால்வெட்டியவரும் அப்படி ரஜூலா கப்பலில் போனவர். இருவருக்கும் எழுதப் படிக்கத் தெரியாது. அவர் போவதற்கு முன் தோட்டத்தில் எழுத்து அறிந்த ஒருவரிடம் சொல்லி எழுதச் செய்து, கீழே பெருவிரல் ரேகை வைத்துக் கொடுத்தார். அதில் பெரிய வார்த்தை ஒன்றும் இல்லை. அடைகாக்கும் கோழியை யாரிடம் விட்டிருக்கிறேன், கடைக்காரருக்குப் பாக்கி தீர்ந்தது, உன் மகனுக்குக் காய்ச்சல் வந்த இரவில் நாம் இருவரும் தூங்காமல் உட்கார்ந்திருந்ததை மறக்க மாட்டேன் என்று சில வரிகள்தான். பாட்டி அதை ஆண்டுக்கு ஒருமுறையாவது யாரையாவது வாசிக்கச் சொல்லிக் கேட்பார். ஆகவே வாசிக்கத் தெரியாதது தடையே இல்லை. வாசிக்க ஒரு தாள் கையில் இல்லாததுதான் தடை.

“என் கையெழுத்து கோழி கிளறியது போல இருக்கும்” என்பதையும் கேட்டேன். அப்படியானால் பெரிய எழுத்தாக, வரிக்கு வரி இடம் விட்டு, தாளின் ஒரு பக்கத்தில் மட்டும் எழுதுங்கள். மெல்லிய தாளில் மறுபக்க மை தெரிந்தால், வாசித்துக் காட்டுபவர் தடுமாறுவார். முதலில் வேறு தாளில் எழுதிப் பார்த்துவிட்டு, பிறகு ஒரு பக்கத்துக்குள் நிதானமாக எழுதுங்கள். ஒரு சொல் பிழையானால் ஒற்றைக் கோடு இழுத்து மேலே எழுதினால் போதும். வெள்ளை மை பூசினால் அது நாளடைவில் உதிரும். மை ஊற்றி எழுதும் பேனாவின் மை ஈரம் பட்டால் ஓடிவிடும், நம் ஊர் மழையில் எந்தப் பெட்டிக்குள்ளும் ஈரம் வரும். சாதாரண பந்துமுனைப் பேனாவின் மை ஈரத்தைத் தாங்கும். வெயிலில் அதுவும் வெளுக்கும் என்பதால் சட்டம் போட்டுச் சன்னலுக்கு எதிரே மாட்டும்படி யாரும் ஆயாவிடம் சொல்லாதீர்கள். பிளாஸ்டிக் உறை ஒட்டி இறுக்கிக் கொடுப்பதும் வேண்டாம், பிறகு அதைப் பிரிக்கவே முடியாது. காகித உறையில் போட்டு, பிஸ்கட் டின்னில் வைத்துக்கொள்ளட்டும்.

என்ன எழுதுவது என்பதில்தான் நாம் பெரும்பாலும் சறுக்குகிறோம். “தன்னலமற்ற சேவைச் செம்மல்” என்று எழுதினால் ஆயாவுக்கு அது யாரைப் பற்றியது என்று விளங்காது. நடந்த ஒன்றை எழுதுங்கள். விடியலில் ஆள் கணக்கெடுக்கும் ‘பெரட்டு’க்கு ஓடும் அவசரத்தில் பிள்ளையை அவர் கையில் கொடுத்த ஒரு நாள், வெட்டுக்காட்டிலிருந்து திரும்பி வந்தபோது பிள்ளை குளித்து, வயிறு நிறைந்து தூங்கிக்கொண்டிருந்தது என்றால் அதையே எழுதுங்கள். உங்கள் பிள்ளையின் பெயரை அவர் எப்படிக் கூப்பிட்டாரோ அப்படியே எழுதுங்கள். கடைசியில் உங்கள் பெயரோடு, இன்னார் மகள், எந்த லயம் என்றும் சேர்த்தால்தான் அவருக்கு அடையாளம் தெரியும், நம் தோட்டத்தில் ஒரே பெயரில் பலர் இருக்கிறோம். அடிக்கடி வந்து பார்ப்போம் என்று உறுதி கொடுக்காதீர்கள். வராத மாதங்களில் அந்த வரி அவரைக் குத்தும்.

வெளியூரில் வேலை செய்யும் தம்பி தங்கைகள் தங்களை நான் குறை சொல்வதாக எண்ணலாம். சிங்கப்பூரில் இரவுப் பணி முடித்து வந்து கடிதம் எழுதுவது எளிதல்ல என்பது எனக்கும் தெரியும். ஆனால் செய்தியைப் பகிர எடுத்த அந்த நிமிடத்தில் நாம் யாரையும் நினைக்கவில்லையே. கடிதம் எழுத உட்கார்ந்தால் அவரை நினைக்காமல் ஒரு வரியும் வராது. தமிழ் எழுதப் பழகாத பிள்ளைகள் மலாயிலோ ஆங்கிலத்திலோ எழுதட்டும், பேத்தி வாசித்துச் சொல்வாள். எழுதவே இயலாதவர் என்னிடம் சொன்னால் நான் எழுதித் தருகிறேன், கையொப்பம் மட்டும் அவரே போட வேண்டும்.

காலம் மாறிவிட்டது என்று சிலர் சொல்கிறார்கள். அதற்கு நான் பதில் சொல்லப் போவதில்லை. ரப்பர் போய்ச் செம்பனை வந்தது, ஆயாக்கொட்டகை சாமான் அறையானது, அந்த மாற்றங்கள் எல்லாவற்றிலும் ஆயா இங்கேயே இருந்தார். அவர் போகும்போது மட்டும் நமக்குக் காலம் மாறியது நினைவுக்கு வருகிறதே என்று எனக்கு வலிக்கிறது.

விருந்தில் ஒலிபெருக்கி பிடித்துக் கடிதங்களை வாசிக்க வேண்டாம் என்று ஏற்பாட்டாளர்களைக் கேட்டுக்கொள்கிறேன். பத்துப் பேர் முன்னால் ஆயா அழக் கூச்சப்படுவார். அவரவர் உறையை அவரவர் கையாலேயே கொடுங்கள். நேரில் வர இயலாதவர்கள் அஞ்சலில் என் பெயருக்கு அனுப்பினால், பிரிக்காமல் அவரிடம் சேர்ப்பேன். முகவரி கேட்டுத் தனிச்செய்தி அனுப்புங்கள். அவர் புறப்படுவது மாதக் கடைசிச் சனிக்கிழமை காலை, அதற்கு முந்திய புதன்கிழமைக்குள் என் கையில் கிடைத்தால் நல்லது.