பட்ஜெட் தொகையும் புது விமானமும்

2025-26 மத்திய பட்ஜெட்டைப் பார்த்து ஒருவர் இப்படிப் பதிவு போட்டிருக்கிறார்: "பாதுகாப்புக்கு 6.81 லட்சம் கோடி! இந்த வருஷமே புது போர் விமானமா வாங்கித் தள்ளலாம். நம்ம சேலத்துப் பட்டறைகளுக்கும் ஆர்டர் கொட்டும்."

அண்ணா, அது 2025-26க்கான மொத்தத் தொகை. சம்பளம், பென்ஷன், எரிபொருள், பராமரிப்பு எல்லாம் போக, விமானம், ஆயுதம் வாங்கும் மூலதனச் செலவுக்கு 1.80 லட்சம் கோடிதான். அதிலும் பெரும்பகுதி ஏற்கெனவே போட்ட ஒப்பந்தங்களின் தவணைக்கே சரியாகிவிடும்.

நம் நாட்டிலேயே செய்யும் தேஜஸ் மார்க்-1ஏ போர் விமானத்தின் கதையைப் பாருங்கள். 83 விமானங்களுக்கு 2021 பிப்ரவரியில் ஒப்பந்தம். 2024 மார்ச்சிலிருந்து வந்திருக்க வேண்டும். பணம் இருந்தது, இன்ஜின் இல்லை. அமெரிக்காவின் ஜிஇ நிறுவனம் அதற்கான முதல் எஃப்-404 இன்ஜினை ஒப்படைக்கவே 2025 மார்ச் ஆனது. இந்தத் தாமதம் 'அமெரிக்கா சதி' என்கிறார் இன்னொருவர். தாமதம் உண்மை, சதி என்பதுதான் இடிக்கிறது. ஆர்டர் இல்லாமல் நின்றுபோயிருந்த இன்ஜின் உற்பத்தி வரிசையை ஜிஇ மறுபடி ஓட்ட நேரம் பிடித்தது. விமானத்தின் ஏவுகணைச் சோதனைகளும் சேர்ந்து இழுத்தன, அது நம் பக்கத்துக் கணக்கு.

அப்புறம், லேத் பட்டறைக்குக் கடன் வாங்கலாமா என்று கேட்ட தம்பிக்கு: பாதுகாப்புத் தளவாடத் தொழில்களை வளர்க்கத் தமிழ்நாட்டில் அறிவித்த வழித்தடத்தில் சேலமும் ஒரு மையம்தான், ஆனால் அது ஆர்டர் ஆகாது. நீங்கள் செய்து கொடுக்கும் மாதிரி உதிரியை வாங்குபவர் அளந்து பார்த்து ஒப்புக்கொண்ட பிறகுதான் தொடர் ஆர்டர் வரும். இன்ஜினுக்காக விமானம் காத்திருந்தால் உங்கள் உதிரியும் காத்திருக்கும், வங்கித் தவணை காத்திருக்காது.