விளம்பரம் கொடுத்தால் மேப்பில் நட்சத்திரம் கூடுமா?

"கூகுளுக்குக் காசு கட்டி விளம்பரம் போட்டா மேப்ல ஸ்டாரும் கூடும், கெட்ட ரிவியூவும் போயிரும்."

இது பிழை. காசு கட்டினால் கிடைப்பது மேலே ஓர் இடம் மட்டுமே. கடையின் பெயரோடு அதே பழைய நட்சத்திரம்தான் அங்கும் தெரியும்.

கல்முனையில் ஒரு சலூனுக்கு 10 ரிவியூ, சராசரி 3.4 என்று வைத்துக்கொள்வோம். விளம்பரத்தில் முதலாவதாக வந்தாலும், கீழே 4.7 உள்ள கடை இருந்தால் பலரும் அதைத்தான் தொடுவார்கள். உங்கள் விளம்பரத்தைத் தொட்டவர் அந்த ரிவியூக்களைப் படித்துவிட்டுத் திரும்பினாலும் அந்தக் கிளிக்குக்குக் காசு போய்விடும்.

ஆகவே விளம்பரத்துக்கு முன் ரிவியூவைப் பாருங்கள். அந்தச் சலூனின் 10 ரிவியூவுக்கும் மொத்தம் 34 நட்சத்திரம். புதிதாக ஆறு பேர் ஐந்து நட்சத்திரம் தந்தால் 64ஐ 16ஆல் வகுக்க 4.0 வரும். வேலை முடிந்து காசு கட்டும் மேசையில் ரிவியூ லிங்கின் கியூஆர் அட்டையை வையுங்கள். எல்லோரிடமும் கேளுங்கள், தள்ளுபடி தருவதாகச் சொல்லிக் கேட்பது விதிமீறல், அப்படி வந்தவை நீக்கப்படலாம்.

பொய்யான ரிவியூவுக்கு அதன் பக்கத்தில் உள்ள மூன்று புள்ளியைத் தொட்டு Report review கொடுக்கலாம். விதியை மீறியிருந்தால்தான் எடுப்பார்கள். உண்மையான மனக்குறை அப்படியே நிற்கும். அதற்குப் பணிவாகப் பதில் எழுதுங்கள். கிளினிக் என்றால் பதிலில் நோயாளியின் நோயைப் பற்றி ஒரு சொல்லும் வரக்கூடாது.