அந்தக் கையெழுத்து யாருக்காகப் போடப்பட்டது?

போன வாரம் நண்பர் ஒருவர் போன் செய்தார். ஆண்டறிக்கையைப் படித்துப் பார்த்து, லாபம் ஒழுங்காக வருகிறது என்று நம்பிப் பங்கு வாங்கியிருக்கிறார். அப்புறம்தான் கணக்கில் காட்டிய சரக்கிருப்பில் பாதி கிடங்கில் இல்லை என்று தெரிந்ததாம். “ஆடிட்டர் கையெழுத்துப் போட்டிருக்கிறாரே, அவர் மேல் கேஸ் போட முடியாதா?” என்று கேட்டார். பல வருஷம் தணிக்கை வேலையில் இருந்தவன் நான். “அநேகமாக முடியாது” என்று சொல்வதற்கே எனக்குக் கஷ்டமாக இருந்தது. ஏன் முடியாது, அந்தக் காரணத்தில் எவ்வளவு நியாயம், எங்கே நியாயம் இல்லை என்பதைக் கொஞ்சம் விரிவாக எழுதுகிறேன்.

முதலில், ஆடிட்டரின் கடமை என்ன? கணக்கு சரி என்று அவர் உத்தரவாதம் தருவதில்லை. அந்த வேலை தெரிந்த ஒருவர் எடுத்துக்கொள்ளும் நியாயமான கவனத்தோடு பார்த்து, ‘இந்தக் கணக்குகள் உண்மையான, சரியான நிலையைக் காட்டுகின்றன’ என்று தன் கருத்தைச் சொல்கிறார். அவ்வளவுதான். சந்தேகம் எழ எதுவும் இல்லாதபோது, நம்பிக்கையான ஊழியர் சொன்னதை அவர் நம்பலாம் என்று 1896இல் கிங்ஸ்டன் பஞ்சாலை வழக்கில் இங்கிலாந்து நீதிமன்றம் சொன்னது. அந்தத் தீர்ப்பின் இன்னொரு பாதியைப் பலரும் மறந்துவிடுகிறார்கள். சந்தேகம் தரும் ஒன்று கண்ணில் பட்டால், அதன் அடிவரை போய்ப் பார்த்தாக வேண்டும்.

கண்ணில் படுவது என்றால் என்ன என்பதற்கு நியூயார்க்கில் 1931இல் தீர்ப்பான அல்ட்ராமேர்ஸ் வழக்கைத்தான் நான் எப்போதும் சொல்வேன். ரப்பர் இறக்குமதி செய்த ஒரு கம்பெனி. 1923 டிசம்பர் 31 தேதியிட்ட பேலன்ஸ் ஷீட்டில் அதன் நிகரச் சொத்து பத்து லட்சம் டாலருக்கு மேல். உண்மையில் அது திவாலான கம்பெனி. வரவேண்டிய பாக்கிகளைக் கூட்டி முடித்த பிறகு, கணக்கைக் கவனித்த ஊழியர் ஏழு லட்சம் டாலருக்கு மேல் ஒரே தொகையாகப் புதிதாக ஒரு பதிவு போட்டார். அதற்கு ஆதாரம் 17 இன்வாய்ஸ்கள். தணிக்கைக்கு வந்தவர் அந்தப் பதினேழையும் எடுத்துப் பார்க்கவே இல்லை. பார்த்திருந்தால், வாடிக்கையாளரின் ஆர்டர் எண் இல்லை, சரக்கு அனுப்பிய எண் இல்லை என்பது அப்போதே தெரிந்திருக்கும். கடைசி நேரத்தில் வந்த பெரிய தொகை, அதுவும் சில்லறையாக இல்லாமல் மொத்தமாக. தணிக்கை மேசையில் உட்கார்ந்த யாருக்கும் இதைக் கண்டதும் கை அங்கே போக வேண்டும்.

அந்த ஆடிட்டர்கள் பேலன்ஸ் ஷீட்டில் 32 பிரதிகளுக்குச் சான்று போட்டுக் கொடுத்தார்கள். கடன் கொடுப்பவர்களிடம் காட்டத்தான் இத்தனை பிரதி என்பது அவர்களுக்குத் தெரியும். அல்ட்ராமேர்ஸ் என்ற நிறுவனம் அதை நம்பி அந்த ரப்பர் கம்பெனிக்குக் கடன் கொடுத்தது. 1925 ஜனவரியில் ரப்பர் கம்பெனி திவாலானது. வழக்கை விசாரித்த நீதிபதி கார்டோசோவின் பதில் இன்றும் தணிக்கை உலகத்தைக் கட்டிப்போட்டிருக்கிறது. வெறும் கவனக்குறைவுக்காக, ஒப்பந்தம் இல்லாத வெளியாருக்குப் பொறுப்பு கிடையாது. அப்படி விட்டால், எவ்வளவு தொகைக்கு, எவ்வளவு காலத்துக்கு, எத்தனை பேருக்கு என்ற எல்லையே இல்லாமல் போகும் என்றார். ஆனால் இன்னொன்றையும் சேர்த்தே சொன்னார். கவனக்குறைவு மிக மோசமாக இருந்து, ஆடிட்டர் தான் எழுதியதை உண்மையில் நம்பவே இல்லை என்று ஜூரிக்குத் தோன்றினால், அது மோசடியாகும். மோசடிக்கு வெளியாரும் வழக்குப் போடலாம். அந்தப் பகுதியை மறுவிசாரணைக்கு அனுப்பினார்.

சரி, இது கடன் கொடுத்தவர் கதை. பங்குதாரருக்கு என்ன? அவருக்காகத்தானே தணிக்கை? அறிக்கையின் தலைப்பிலேயே ‘உறுப்பினர்களுக்கு’ என்று போட்டிருக்கிறதே?

இதற்குத்தான் 1990இல், அன்று இங்கிலாந்தின் மிக உயர்ந்த நீதிமன்றமாக இருந்த பிரபுக்கள் சபை, கபாரோ வழக்கில் பதில் சொன்னது. ஃபிடெலிடி என்ற மின்சாதனக் கம்பெனியின் 1984 மார்ச் வரையிலான வருஷக் கணக்கு சுமார் 13 லட்சம் பவுண்டு லாபம் காட்டியது. எதிர்பார்த்ததைவிடக் குறைவு, அதனால் பங்கு விலை பாதிக்குமேல் சரிந்தது. அந்த நேரத்தில் கபாரோ என்ற இன்னொரு கம்பெனி அந்தப் பங்குகளை வாங்க ஆரம்பித்து, அறிக்கை வந்த பிறகு மேலும் வாங்கி, கடைசியில் கம்பெனியையே எடுத்துக்கொண்டது. பிறகு அவர்கள் சொன்ன புகார் இதுதான்: சரக்கிருப்பைக் கூட்டிக் காட்டியிருக்கிறார்கள், விற்ற பொருளுக்குத் திருப்பித் தர வேண்டியதற்குப் போதுமான ஒதுக்கீடு இல்லை, உண்மையில் அந்த வருஷம் நான்கு லட்சம் பவுண்டுக்கு மேல் நஷ்டம், ஆடிட்டர் இதைக் கண்டுபிடித்திருக்க வேண்டும்.

இங்கே பலர் தவறாகப் புரிந்துகொள்ளும் ஓர் இடம் உண்டு. ஆடிட்டர் கவனக்குறைவாக இருந்தாரா இல்லையா என்று பிரபுக்கள் சபை விசாரிக்கவே இல்லை. இருந்தார் என்றே வைத்துக்கொள்வோம், அப்படியானாலும் கபாரோவுக்கு அவர் கடமைப்பட்டவரா என்பது மட்டும்தான் கேள்வி. பதில்: இல்லை. வெளியிலிருந்து வாங்கும் முதலீட்டாளராகவும் இல்லை, ஏற்கெனவே கொஞ்சம் பங்கு வைத்திருந்து மேலும் வாங்கியவராகவும் இல்லை. கீழே மேல்முறையீட்டு நீதிமன்றம், பங்குதாரர் என்ற முறையில் கபாரோவுக்குக் கடமை உண்டு என்று பெரும்பான்மையாகச் சொல்லியிருந்தது. அதையும் மாற்றிவிட்டார்கள்.

காரணம், அறிக்கை எதற்காக என்பது. சட்டம் தணிக்கை கேட்பது, பங்குதாரர்கள் எல்லோரும் ஒன்றாகக் கூடி, பொதுக்கூட்டத்தில் நிர்வாகத்தைக் கேள்வி கேட்டு, வேண்டுமானால் இயக்குநர்களை மாற்றுவதற்காக. தனி ஒருவர் மேலும் பங்கு வாங்கலாமா என்று முடிவெடுப்பதற்காக இல்லை. அந்த வேலைக்காக எழுதாத ஒன்றை அந்த வேலைக்குப் பயன்படுத்தி நஷ்டப்பட்டால், எழுதியவர் பொறுப்பில்லை. வெளியார் விஷயத்தில் பொறுப்பு வர வேண்டுமானால், இந்த ஆள் இந்தக் காரியத்தில் இந்த அறிக்கையை நம்பித்தான் இறங்கப் போகிறார் என்று ஆடிட்டருக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

வெளியார் விஷயத்தில் இந்த விதியை நான் ஏற்றுக்கொள்கிறேன். யார் யாரோ படிக்கும் ஓர் ஆவணத்துக்கு, படித்த எல்லோருக்கும் பொறுப்பு என்றால் யாரும் தணிக்கை செய்ய முன்வர மாட்டார்கள். கடன் கொடுக்கிறவருக்கு வழியும் இருக்கிறது: பணத்தை விடுவதற்கு முன்பே, ‘உங்கள் அறிக்கையை நம்பி இந்தக் கடனைத் தரப் போகிறோம்’ என்று ஆடிட்டருக்கு எழுதி, பதில் வாங்கலாம். ஆடிட்டர் மறுத்தால், அந்த மறுப்பே ஒரு தகவல்தான். இன்று பிரிட்டிஷ் அறிக்கைகளில் ‘உறுப்பினர்கள் ஓர் அமைப்பாகச் சேர்ந்த நிலையில் அவர்களுக்கு மட்டுமே இது’ என்று ஒரு பத்தி இருக்கும். கடன் கொடுத்த வங்கிக்கு ஆடிட்டர் பொறுப்பாகலாம் என்று 2002இல் ஸ்காட்லாந்து நீதிமன்றம் ஒரு வழக்கில் சொன்ன பிறகு வந்தது அது.

ஆனால் ஏற்கெனவே பங்கு வைத்திருப்பவர் விஷயத்தில் எனக்கு மனம் ஒப்பவில்லை. அவரிடம் சட்டம் சொல்வது: நஷ்டம் கம்பெனிக்கு, வழக்கும் கம்பெனிதான் போட வேண்டும். இதில் ஒரு கணக்கு நியாயம் இருக்கிறது. கம்பெனிக்கு நூறு நஷ்டம் என்றால் பங்கு விலையும் அதற்கேற்பக் குறைகிறது. கம்பெனியும் கேட்டு, பங்குதாரரும் கேட்டால், ஒரே நஷ்டத்துக்கு ஆடிட்டர் இரண்டு தடவை கட்ட வேண்டி வரும்.

சரிதான். ஆனால் கம்பெனியின் சார்பில் வழக்குப் போட முடிவெடுப்பது யார்? இயக்குநர் குழு. சரக்கிருப்பைக் கூட்டிக் காட்டியவர்களே அங்கே உட்கார்ந்திருந்தால், ‘எங்கள் பொய்யை ஏன் நீங்கள் கண்டுபிடிக்கவில்லை’ என்று ஆடிட்டர் மேல் வழக்குப் போடுவார்களா? கம்பெனி கவிழ்ந்து, அதன் சொத்தை விற்றுக் கடனைத் தீர்க்கும் கலைப்பாளர் வரும்வரை யாரும் அசைய மாட்டார்கள். அவர் வந்தாலும் மீட்கும் பணம் முதலில் கடன் கொடுத்தவர்களுக்குத்தான், பங்குதாரருக்கு மிச்சம் இருந்தால் உண்டு. போதாததற்கு, 2009இல் இங்கிலாந்தில் ஸ்டோன் அண்ட் ரோல்ஸ் வழக்கு. ஒரே ஆள் சொந்தமாக நடத்திய கம்பெனி வங்கிகளை ஏமாற்றியது. கலைப்பாளர் ஆடிட்டர் மேல் வழக்குப் போட்டார். உரிமையாளரின் மோசடி கம்பெனியின் மோசடியேதான், தன் குற்றத்தைக் காட்டிக் கம்பெனி இழப்பீடு கேட்க முடியாது என்று மூன்றுக்கு இரண்டு என்ற கணக்கில் வழக்கைத் தள்ளிவிட்டார்கள். பிறகு 2019இல் அந்த நாட்டின் உச்ச நீதிமன்றம் இந்தத் தீர்ப்பின் வீச்சை மிகவும் குறுக்கிவிட்டது, அதற்காகச் சந்தோஷப்படுகிறேன். ஆனாலும் பத்து வருஷம் அந்தக் கதவு இப்படித்தான் நின்றது.

தனியாக வராதே, கம்பெனி வழியாக வா என்று அனுப்பிவிட்டு, அந்தக் கதவின் சாவியைத் தப்புச் செய்தவரிடமே கொடுத்துவைத்திருப்பது எனக்கு நியாயமாகப் படவில்லை. பங்குதாரர்கள் கூட்டாக என்று சட்டமே சொல்கிறது அல்லவா, அப்படியானால் கூட்டாக வருகிறவர்களுக்கு நேராக வழி திறந்திருக்க வேண்டும். இந்த விஷயத்தில் இந்தியாவின் 2013 கம்பெனிச் சட்டம் ஒரு நல்ல காரியம் செய்திருக்கிறது. அதன் 245ஆம் பிரிவின்படி, தணிக்கை அறிக்கையில் தவறான, திசைதிருப்பும் வாசகம் இருந்தால், பங்குதாரர்கள் சேர்ந்து தேசியக் கம்பெனிச் சட்டத் தீர்ப்பாயத்தில் ஆடிட்டரிடமிருந்து இழப்பீடு கேட்கலாம். தணிக்கை நிறுவனமும், அந்த வாசகத்தில் பங்கெடுத்த ஒவ்வொரு பார்ட்னரும் பொறுப்பு. வங்கிக் கம்பெனிகளுக்கு இந்தப் பிரிவு பொருந்தாது. மனுப் போட, மொத்த உறுப்பினர்களில் ஐந்து சதவீதம் பேர் அல்லது நூறு பேர், இதில் எது குறைவோ அது வேண்டும். இல்லையென்றால் பட்டியலிட்ட கம்பெனியில் இரண்டு சதவீதப் பங்குகளாவது கையில் இருக்க வேண்டும்.

மனு ஏற்கப்பட்டாலும் பாதி வேலைதான் முடியும். அந்த ஆடிட்டர் செய்ய வேண்டியதைச் செய்யவில்லை என்று காட்ட வேண்டும். செய்திருந்தால் தெரிந்திருக்கும் என்று காட்ட வேண்டும். நஷ்டம் அதனால்தான் வந்தது என்றும் காட்ட வேண்டும். நண்பரிடம் நான் முதலில் கேட்டது அதனால்தான்: வருஷக் கடைசியில் சரக்கை எண்ணியபோது ஆடிட்டர் அங்கே இருந்தாரா, எந்தக் கிடங்கில், எந்தத் தேதியில்? இதைப் பொதுக்கூட்டத்தில் நேராகக் கேட்கலாம், கம்பெனி விலக்கு அளிக்காதவரை ஆடிட்டரோ அவர் பிரதிநிதியோ அந்தக் கூட்டத்துக்கு வர வேண்டும் என்பது சட்டம். நண்பருக்கு இதற்குப் பதில் இதுவரை தெரியாது. இப்போது அந்தக் கம்பெனியின் மற்ற பங்குதாரர்களைத் தேடிக்கொண்டிருக்கிறார். நேற்று இரவு வரை முப்பத்தேழு பேர் பெயர் கொடுத்திருக்கிறார்கள்.