நேரம் எழுதக் கட்டமே இல்லாத படிவம்

ஏ.டி.எம். கார்டு தொலைந்துவிட்டது என்று வங்கிக்கு போன் செய்தால் இயந்திரக் குரல் முதலில் என்ன கேட்கும் தெரியுமா? "உங்கள் கார்டில் உள்ள பதினாறு இலக்க எண்ணை உள்ளிடவும்." அடப்பாவிகளா, கார்டு என்னிடம் இருந்தால் நான் எதற்கு உங்களைக் கூப்பிடப் போகிறேன்!

ஜூன் 14, சனிக்கிழமை. இரண்டாம் சனி, வங்கி விடுமுறை. தருமபுரி பேருந்து நிலையத்தில் இறங்கி மருந்துக் கடையில் பாக்கெட்டைத் தடவினால் பர்ஸ் இல்லை. 6.31-க்கு வாடிக்கையாளர் சேவை எண்ணுக்குப் போன் போட்டேன். அந்தக் குரலோடு மல்லுக்கட்டி, கணக்கு எண்ணைத் தட்டி, பிறந்த தேதி சொல்லி ஒரு மனிதரைப் பிடித்தேன். "கார்டு தொலஞ்சிடுச்சி, உடனே பிளாக் பண்ணுங்க" என்றேன். "கம்ப்ளைண்ட் ரிஜிஸ்டர் ஆயிடுச்சு சார்" என்றார். 6.44-க்குப் புகார் எண்ணும் குறுஞ்செய்தியாக வந்தது. சரி, முடிந்தது என்று வீட்டுக்குக் கிளம்பினேன்.

7.09-க்கு அடுத்த குறுஞ்செய்தி. காரிமங்கலம் பக்கம் ஒரு பெட்ரோல் பங்க், 4,200 ரூபாய். கை நடுங்க 7.12-க்கு மறுபடி கூப்பிட்டேன். "உங்க கம்ப்ளைண்ட் ஏற்கெனவே பெண்டிங்ல இருக்கு சார், வெயிட் பண்ணுங்க." வெயிட் பண்ணினேன். 7.41-க்குக் காவேரிப்பட்டணத்தில் ஒரு துணிக்கடை, 4,950. 8.17-க்குக் கிருஷ்ணகிரியில் ஒரு ஓட்டல், 1,875. எடுத்தவன் பெட்ரோல் போட்டு, சட்டை எடுத்து, சாப்பிட்டும் முடித்துவிட்டான். நெடுஞ்சாலையில் அவன் எந்த ஊரைத் தாண்டுகிறான் என்று நான் வீட்டில் உட்கார்ந்து போனில் பார்த்துக்கொண்டிருக்கிறேன். "உங்கள் கார்டு முடக்கப்பட்டது" என்ற செய்தி வந்தது 8.52-க்கு.

மூன்று தொகையையும் பாருங்கள், எல்லாமே ஐயாயிரத்துக்குள். 2021 ஜனவரி 1 முதல் 5,000 ரூபாய் வரை பின் போடாமல் கார்டை இயந்திரத்தில் தட்டியே பணம் கட்டலாம். அந்த அலை அலையான குறி என் கார்டிலும் இருந்தது. எடுத்தவனுக்கு என் பின் நம்பர் தேவையே இல்லை.

திங்கட்கிழமை கிளைக்குப் போனேன். கவுண்டரில் இருந்தவர் முதலில் கேட்டது, "பின் நம்பரை கார்டு பின்னாலயே எழுதி வச்சிருந்தீங்களா?" பக்கத்தில் பாஸ்புக் பதிய நின்றிருந்த பெரியவர் என்னை ஒரு பார்வை பார்த்தார். பின் போட்டார்களா, சும்மா தட்டினார்களா என்பது அவர் முன்னால் இருக்கும் கம்ப்யூட்டரிலேயே தெரியக்கூடிய விஷயம். ஒவ்வொரு பரிவர்த்தனையோடும், கார்டை இயந்திரம் எப்படிப் படித்தது என்பதற்கு ஒரு குறியீடு பதிவாகும். செருகியிருந்தால் 05, தட்டியிருந்தால் 07. அதைப் பார்த்துச் சொல்ல இரண்டு நிமிடம் ஆகுமா? "அதெல்லாம் ஹெட் ஆபீஸ்தான் பார்க்கணும்." ஆனால் என்னைக் கவனக்குறைவானவன் என்று சொல்வதற்கு மட்டும் ஹெட் ஆபீஸ் வேண்டாம்!

அப்புறம் ஒரு படிவத்தை நீட்டினார்கள். பரிவர்த்தனையை மறுப்பதற்கான படிவமாம். தேதி, தொகை, கடையின் பெயர் என்று மூன்று கட்டம். நேரத்துக்குக் கட்டம் இல்லை. எனக்கு வயிறு எரிந்ததே அங்கேதான். என் வழக்கே நேரம்தானே! கார்டு தொலைந்ததும், நான் சொன்னதும், பணம் போனதும் எல்லாம் ஒரே தேதியில். தேதியை மட்டும் எழுதிக் கொடுத்தால், பணம் போனபிறகுதான் நான் போன் செய்தேன் என்றுகூட யாரும் படித்துக்கொள்ளலாம். பாஸ்புக்கிலும் தேதி மட்டும்தான். ஓரத்தில் 7.09, 7.41, 8.17 என்று எழுதினேன். "ஃபார்ம்ல எக்ஸ்ட்ராவா எதுவும் எழுதக்கூடாது சார்" என்று வேறு படிவம் கொடுத்தார்கள்.

படிவத்தை அவர்கள் சொன்னபடியே நிரப்பிக் கொடுத்துவிட்டு, வெளியே ஜெராக்ஸ் கடைத் திண்ணையில் உட்கார்ந்து கடிதம் எழுதினேன். யாருக்காவது உதவும் என்பதால் அப்படியே போடுகிறேன்.

"பொருள்: டெபிட் கார்டு தொலைந்ததைத் தெரிவித்த பிறகு நடந்த மூன்று பரிவர்த்தனைகளை மறுப்பது குறித்து.

ஐயா, எனது சேமிப்புக் கணக்கின் டெபிட் கார்டு 14.06.2025 அன்று மாலை தருமபுரியில் தொலைந்துவிட்டது. அன்றே மாலை 6.31 மணிக்கு, பதிவு செய்யப்பட்ட எனது கைப்பேசியிலிருந்து தங்கள் சேவை எண்ணை அழைத்து, கார்டை முடக்கச் சொன்னேன். 6.44 மணிக்குப் புகார் எண் குறுஞ்செய்தியாக வந்தது. அதன் பிறகு, இரவு 7.09 மணிக்கு ரூ.4,200, 7.41 மணிக்கு ரூ.4,950, 8.17 மணிக்கு ரூ.1,875, ஆக மொத்தம் ரூ.11,025 எனது கணக்கிலிருந்து கழிக்கப்பட்டுள்ளது. இம்மூன்றையும் நான் செய்யவில்லை, செய்யுமாறு யாரிடமும் சொல்லவும் இல்லை. 7.12 மணிக்கு மீண்டும் அழைத்துத் தெரிவித்தும், கார்டு 8.52 மணிக்கே முடக்கப்பட்டது. தொகையை என் கணக்கில் வரவு வைக்கவும், இரு அழைப்புகளின் ஒலிப்பதிவையும் மூன்று பரிவர்த்தனைகளின் விற்பனைச் சீட்டு நகலையும் பாதுகாத்து வைக்கவும் கேட்டுக்கொள்கிறேன்."

இணைப்பாகக் குறுஞ்செய்திகளின் படமும் அழைப்புப் பட்டியலின் படமும் வைத்தேன். குறுஞ்செய்தியைப் படம் எடுக்கும்போது ஒன்றைக் கவனியுங்கள். போன் காட்டுவது செய்தி வந்து சேர்ந்த நேரம். சிக்னல் இல்லாத இடத்தில் இருந்தால் அது தாமதமாகக் காட்டும். செய்திக்குள்ளேயே பரிவர்த்தனை நேரம் இருந்தால் அதைத்தான் கடிதத்தில் எழுத வேண்டும். எனக்கு வந்ததில் உள்ளேயே இருந்தது, நல்லவேளை.

கடிதத்தை வாங்கிக்கொண்டார்கள். நகலில் முத்திரை கேட்டேன். "வாங்கிக்கிட்டோம்ல, சீல் எதுக்கு?" என்றார்கள். முத்திரை இல்லாமல் நகரமாட்டேன் என்று நின்றேன். மேனேஜர் வந்து, முத்திரை குத்தச் சொல்லிவிட்டு, என்னை உட்காரவைத்துப் பாடம் எடுத்தார். "கார்டைத் தொலைச்சது உங்க அஜாக்கிரதை. அதுக்கு பேங்க் பொறுப்பாக முடியாது. எஃப்.ஐ.ஆர். காப்பி கொண்டாங்க, பார்ப்போம்."

இந்த இடத்தில்தான் எனக்குக் கொதிப்பு தலைக்கேறியது. 2017 ஜூலை 6-ஆம் தேதி ரிசர்வ் வங்கி ஒரு சுற்றறிக்கை போட்டது. வாடிக்கையாளரின் அனுமதி இல்லாமல் நடக்கும் மின்னணுப் பரிவர்த்தனைகளில் யார் எவ்வளவு சுமக்க வேண்டும் என்பது அதில் இருக்கிறது. வாடிக்கையாளரின் கவனக்குறைவால் நஷ்டம் என்றே வைத்துக்கொள்வோம். அப்போதும் வங்கிக்குத் தெரிவிக்கும் வரை நடந்த நஷ்டம்தான் அவருடையது. தெரிவித்த பிறகு நடக்கும் நஷ்டம் வங்கியுடையது. மேனேஜர் சொன்ன அஜாக்கிரதையை முழுசாக ஒப்புக்கொண்டாலும் என் மூன்று பரிவர்த்தனையும் கோட்டுக்கு அந்தப் பக்கம்தான் விழுகின்றன. 6.30-க்கு ஒன்று போயிருந்தால் அதைக் கேட்டு நான் வந்திருக்கவே மாட்டேன். வாடிக்கையாளர்தான் பொறுப்பு என்று நிரூபிக்க வேண்டியதும் வங்கி என்கிறது அதே சுற்றறிக்கை. இவர்களோ "நீங்க எடுக்கலைன்னு என்ன ஆதாரம்?" என்று என்னைக் கேட்கிறார்கள். அந்த நேரத்தில் நான் தருமபுரியில் இவர்களுடைய சேவை மையத்தோடுதான் பேசிக்கொண்டிருந்தேன், வேறென்ன ஆதாரம்?

காவல் நிலையத்துக்கும் போகாமல் இல்லை. சைபர் குற்ற உதவி எண் 1930-க்குச் சொன்னேன், ஸ்டேஷனில் மனு கொடுத்து சி.எஸ்.ஆர். ரசீதும் வாங்கினேன். துணிக்கடைக் கேமராவில் அவன் முகம் பதிந்திருக்கலாம், பழைய பதிவு அழிவதற்குள் யாராவது கேட்க வேண்டும் என்பதற்காக. ஆனால் திருடனைப் பிடிப்பது வேறு, என் பணம் திரும்புவது வேறு. தெரிவித்த நாளிலிருந்து பத்து வேலை நாளுக்குள் தொகையைத் தற்காலிகமாகவாவது கணக்கில் வரவு வைக்க வேண்டும், புகாரைத் தொண்ணூறு நாளுக்குள் தீர்க்க வேண்டும் என்பதுதான் விதி. எஃப்.ஐ.ஆர். வந்தால்தான் என்று அதில் எங்கே இருக்கிறது? காட்டச் சொன்னேன். காட்டவில்லை.

என் கணக்குப்படி பத்தாவது வேலை நாள் ஜூன் 26. வரவு வரவில்லை. 30-ஆம் தேதி ஒரு குறுஞ்செய்தி வந்தது: பரிவர்த்தனைகள் வெற்றிகரமாக நடந்துள்ளன, எனவே புகார் முடிக்கப்பட்டது. படித்துவிட்டுச் சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. வெற்றிகரமாக நடந்ததுதானய்யா என் புகாரே! கார்டு தட்டப்படும்போது இயந்திரம் வங்கியைக் கேட்கிறது. முடக்கிய கார்டாக இருந்தால் அங்கேயே மறுத்திருக்கும். 7.09-க்கும் 7.41-க்கும் 8.17-க்கும் "சரி" என்று பதில் சொன்னது இவர்களுடைய கம்ப்யூட்டர். 6.44-க்குப் புகார் எண் கொடுத்துவிட்டுக் கார்டை முடக்காமல் வைத்திருந்தது இவர்களுடைய ஆட்கள். அவர்கள் தப்புக்கு அத்தாட்சியை அவர்களே எழுதி, அதையே காரணமாகக் காட்டிக் கதவைச் சாத்துகிறார்கள்.

வங்கி பதில் சொல்லாவிட்டால்தான் முப்பது நாள் காத்திருக்க வேண்டும். மறுத்து எழுதிவிட்டால் அன்றைக்கே ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரிடம் போகலாம். அன்று இரவே cms.rbi.org.in தளத்தில் முத்திரை குத்திய கடிதம், அழைப்புப் பட்டியல், அந்த வெற்றிச் செய்தி எல்லாவற்றையும் ஏற்றிவிட்டேன். நிவாரணம் என்ன வேண்டும் என்ற இடத்தில் 11,025 ரூபாய் என்று எழுதி, இன்னொன்றும் சேர்த்தேன். ஒவ்வொரு முறை கூப்பிடும்போதும் "உங்கள் அழைப்பு பதிவு செய்யப்படுகிறது" என்று அந்த இயந்திரக் குரல் சொல்கிறதே, 6.31 அழைப்பின் பதிவைக் கொண்டுவரச் சொல்லுங்கள் என்று.