வண்டியை நிறுத்தினால்தான் பாட்டு கேட்கும்

நண்பர் ஒருவர் குறும்படத்துக்காக ஆறு பக்கத் திரைக்கதை அனுப்பியிருந்தார். பக்கத்துக்கு ஒரு நிமிடம் என்று தோராயமாக வைத்தால் ஆறு நிமிடப் படம். வெளிநாட்டுச் சந்தையில் சுமை வண்டி தள்ளும் ஒருவன் காதில் அவன் ஊர்த் திருவிழாப் பாட்டு விழுகிறது, உடனே ஃபிளாஷ்பேக், கூட்டம், அம்மா முகம், கண்ணீர், ஊருக்கு ஒரு போன். இதே கதையை நான் வேறு வேறு பெயரில் பலமுறை படித்தாயிற்று.

என் சண்டை ஃபிளாஷ்பேக்கோடு மட்டும் இல்லை. "பாட்டு ஒலிக்கிறது" என்று ஒரே வரியில் எழுதி விடுகிறார்களே, அங்கேதான் கதை செத்துப் போகிறது. ஸ்டுடியோவில் பதிவான சுத்தமான பாட்டை அப்படியே போட்டால் பார்க்கிறவர்கள் அதைப் பின்னணி இசை என்றே எடுத்துக்கொள்வார்கள், சந்தையில் ஏதோ ஒரு கடையிலிருந்து வருகிறது என்று யாருக்கும் தோன்றாது. 1973இல் வந்த 'அமெரிக்கன் கிராஃபிட்டி'க்கு ஒலி அமைத்த வால்டர் மர்ச், பாட்டுகளை ஸ்பீக்கரில் ஓடவிட்டு, திறந்த வெளியில் அது கேட்கிற விதத்தையே மறுபடி பதிவு செய்தார். இடத்தின் எதிரொலியும் பாட்டோடு சேர்ந்து வர வேண்டும் என்பதுதான் காரணம்.

அதை எழுதும்போதே செய்யலாம். பெரிய ஸ்பீக்கர் நாலு சந்து தள்ளி இருந்தால் முதலில் மேளத்தின் அடிநாதம்தான் வரும், ஏனென்றால் தாழ்ந்த சுருதி ஒலி மூலை திரும்பி வந்துவிடும், சொற்களைத் தாங்குகிற உயர்ந்த சுருதி ஒலிகள் வழியிலேயே மங்கிவிடும். ஆகவே அவனுக்கு முதலில் தாளம் மட்டும். அவன் தள்ளும் வண்டியின் சக்கரம் கடகடவென்று சத்தம் போடும். தள்ளினால் பாட்டு இல்லை, நிறுத்தினால் உண்டு. ஆனால் நிறுத்தினால் பின்னால் வருகிற வண்டியெல்லாம் முட்டி நிற்கும், மேஸ்திரி கத்துவார். இப்போது கேட்பது என்பதே அவன் எடுக்க வேண்டிய முடிவாகிவிட்டது. ஃபிளாஷ்பேக்குக்கு வேலையே இல்லை பாருங்கள்.

நான் நண்பருக்குத் திருப்பி எழுதிக் கொடுத்த கடைசிக் காட்சி இது. இரண்டு முறை நிறுத்தி, இரண்டு முறை திட்டு வாங்கி, அந்தக் கடை முன்னால் வந்து சேர்கிறான். இப்போதுதான் சொற்கள் தெளிவாகக் கேட்கின்றன. சரணம் தொடங்குகிற நேரத்தில் கடைக்காரர் வேறு பாட்டுக்கு மாற்றிவிடுகிறார், அவருக்கு அந்த மொழியும் தெரியாது, அது என்ன பாட்டென்றும் தெரியாது. இவனுக்கோ அவர் மொழியில் கேட்கத் தெரியாது. வண்டியின் கைப்பிடியில் அந்தத் தாளத்தை விரலால் தட்டிக் காட்டுகிறான். அவர் இரண்டு நொடி பார்க்கிறார். சரி, ஏதோ வாங்க வந்திருக்கிறான் என்று நினைத்து அலமாரியிலிருந்து ஒரு சின்ன ஸ்பீக்கரை எடுத்து நீட்டி, விரல்களை விரித்து விலை சொல்கிறார்.

அப்புறம் உரிமை விஷயம். நாட்டுப்புறப் பாட்டு பொதுச்சொத்தாகவே இருக்கலாம், ஆனால் ஒருவர் பாடிப் பதிவு செய்த ஒலிக்குத் தனி உரிமை உண்டு. நண்பரிடம் சொன்னேன், தெரிந்த யாரையாவது பாட வைத்து நீங்களே பதிவு செய்துகொள்ளுங்கள். சுருதி கொஞ்சம் விலகினாலும் பரவாயில்லை, கடை ஸ்பீக்கரில் அது இன்னும் நிஜமாகத்தான் கேட்கும்.