டிவி - மச்சானுக்கு

சேகர்: என்னடா குமாரு இது, ஊருக்குப் போறியேன்னு ஏர்போர்ட் கஸ்டம்ஸுக்கு லிஸ்ட் எழுதச் சொன்னா பாகப்பிரிவினை பத்திரம் எழுதி வச்சிருக்க?

குமார்: ஒன்னு விடாம எழுதிருக்கேண்ணே.

சேகர்: "டிவி - மச்சானுக்கு. செயின் - தங்கச்சிக்கு. மிக்ஸி - பெரியம்மாவுக்கு, மறந்தா பேச மாட்டாங்க." இதை ஆபீசர்கிட்ட நீட்டினா அவர் உன் பெரியம்மாவ சமாதானம் பண்ணுவாரா? யாருக்குங்கறது அவங்களுக்கு எதுக்குடா? என்ன பொருள், என்ன மாடல், எத்தனை, புதுசா பழசா, என்ன விலை, பில் இருக்கா. அவ்ளோதான்.

குமார்: ஆனா டிவி என்னுது இல்லண்ணே.

சேகர்: உன் பொட்டியில வருது, அப்ப உன்னுது. விலைல ஏன் சைபர்?

குமார்: எட்டு வருஷம் வேல பாத்ததுக்கு கம்பெனில கிஃப்ட்டா குடுத்தாங்க. நான் காசே குடுக்கலயே.

சேகர்: நீ எவ்ளோ குடுத்தன்னா கேட்டாங்க? பொருளோட விலைய கேக்குறாங்க. கிஃப்ட்டுங்கறது உனக்கும் கம்பெனிக்கும் உள்ள பாசம், கவுண்டர்ல அது வெறும் டிவி. நீ சைபர் போட்டா அவங்களா ஒரு விலை போடுவாங்க, அப்புறம் ஜாஸ்தின்னு சண்டை போட உன்கிட்ட பில்லும் இருக்காது. இதே மாடல் கடைல என்ன விலைன்னு பாத்து அந்த தாள வச்சுக்க.

குமார்: அப்ப டிவிய பாதி என் பேர்ல, பாதி கூட வர்ற ரூம்மேட் பேர்ல போட்டுக்கலாமா? ரெண்டு பேர் வரிச் சலுகைக்கும் சேத்து வந்துரும்.

சேகர்: நடுவுல அறுத்து ஆளுக்கு ஒரு பாதி தூக்கிட்டு வருவீங்களா? சலுகை தலைக்கு ஒன்னுடா, ஒரே பொருளுக்கு ரெண்டு தலைய பொதுவா சேக்க மாட்டாங்க. சரி, செயின் எத்தனை கிராம்?

குமார்: 24 கிராம், 22 கேரட். சுத்த தங்கம்னு பாத்தா 22 கிராம்தான வருது, அதை எழுதிடவா?

சேகர்: கணக்கெல்லாம் நல்லாதான் போடுற. ஆனா அங்க தராசுல செயின வைப்பாங்களா, உள்ள இருக்குற சுத்தத்த மட்டும் உருவி வைப்பாங்களா? 24 கிராம், 22 கேரட்னு ரெண்டையும் எழுது. பில்லுலயும் ரெண்டும் இருக்கும், ரெண்டும் ஒத்துப்போனா வேல ஈஸி.

குமார்: நான் கழுத்துல போட்டுட்டு வந்துட்டா?

சேகர்: கழுத்து உன்னுது, செயின் லிஸ்ட்டுக்கு. போட்டிருந்தா கணக்குல வராதுன்னு உனக்கு எவன் சொன்னான்?

குமார்: செயினும் என்னுது இல்லண்ணே, தங்கச்சியோட...

சேகர்: டேய்! ஒவ்வொன்னுக்கும் என்னுது இல்ல, என்னுது இல்ல. இந்த மூணு பொட்டில உன்னுதுன்னு என்னடா இருக்கு?

குமார்: (யோசிச்சு) அந்த லேப்டாப்பு. நாலு வருஷமா வச்சிருக்கேன், எஸ்கேப் பட்டன் கூட இல்ல.

சேகர்: அதை மட்டும் பெருசா எழுது, பழசு, சொந்த உபயோகம்னு. வரி கட்டவே வேணாம்னு சொல்ற பொருள்தான் உனக்குன்னு மிஞ்சும். உங்க வீட்டுல ஒருத்தனாவது கேட்டானா, டேய் உனக்கு என்ன வாங்கினன்னு? வரி கட்டறப்பயும் நீதான் கட்டணும், "சொன்ன கலர் இல்லயே"ன்னும் உன்னத்தான் கேப்பாங்க. சரி விடு. அந்த ஒட்டுன பார்சல் என்ன?

குமார்: பக்கத்து ரூம்காரன் குடுத்தான். துணியாம், வீட்டுல குடுக்கணுமாம். அது சத்தியமா என்னுது இல்ல.

சேகர்: பிரி.

குமார்: ஒருத்தர் பார்சல பிரிச்சா தப்பா நெனப்பான்ணே.

சேகர்: அவன் தப்பா நெனச்சா ஒரு டீயோட போயிரும். ஆபீசர் நெனச்சா நீ அங்கயே உக்காந்திருக்கணும், அந்த நேரத்துல நான் பிரிக்கல சார்னு சொன்னா அது இன்னும் மோசம். பிரிடா.

குமார்: (பிரிக்கிறான்) ...போனு. ரெண்டு. பாக்ஸ தூக்கிட்டு பனியன்ல சுத்திருக்கான்ணே.

சேகர்: பாக்ஸ தூக்கிட்டா பழசாயிடும்னு ஒரு நெனப்பு. ஸ்க்ரீன்ல ஒட்டுன பிளாஸ்டிக்க கூட உரிக்கல பாரு. ஆன் பண்ணி `*#06#` போடு, ஐஎம்இஐ நம்பர் வரும், அதை எழுதிட்டு அவன்கிட்ட போய் பில்ல வாங்கிட்டு வா. பில் தரலன்னா போன அவன் கட்டில்லயே வச்சிட்டு வா.

குமார்: அண்ணே, எதுவும் சொல்லாம பச்சை வழில போயிட்டா என்ன? கேட்டாத்தான சொல்லணும்?

சேகர்: பச்சை வழில கால வச்சாலே, என்கிட்ட சொல்ல ஒன்னுமில்லன்னு சொன்ன மாதிரிதான். வாய தொறக்கலன்னாலும் உன் காலு பொய் சொல்லிடுச்சு.

குமார்: ஆனா அவன் என்கிட்ட துணின்னுதான சொன்னான். லிஸ்ட்ல துணின்னே போட்டுடவா?

சேகர்: போடு. துணி, எண்ணிக்கை ரெண்டு, 256 ஜிபி.